கிலோ ஒரு டாலர்

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தபோது கஸ்டம்ஸ் ஏஜென்ட் போன் செய்தார். நான் மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் கடையில் ஒரு ஆன்டிக்கு இட்லிப் பானையின் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க சரக்க கஸ்டம்ஸ்ல நிறுத்திட்டாங்க."

"நிறுத்திட்டாங்கன்னா?"

"வெல சரியில்லயாம். ஆபீசர் உங்கள நேர்ல பாக்கணுங்கிறாங்க."

மூடியை வைத்த வேகத்தில் அது தரையில் உருண்டு வாசல் வரை போனது. ஆன்டி ஒன்றும் வாங்காமல் கிளம்பிவிட்டார். விலை சரியில்லையாமே! நான் காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கு விலை சரியா தப்பா என்று சொல்ல இவர்கள் யார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஒற்றைக் கதவுக் கடைதான். குடம், அண்டா, டிபன் கேரியர், இட்லிப் பானை, பூஜைத் தட்டு என்று கூரை வரை அடுக்கியிருக்கும். முன்பு இங்கே உள்ள மொத்த வியாபாரிகளிடம் வாங்கி விற்றேன். பிறகு சென்னையில் ஒரு வியாபாரி பழக்கமாகி, நேரடியாகக் கப்பலில் வரவழைக்க ஆரம்பித்தேன். முழு கன்டெய்னருக்கு எனக்கு ஏது வசதி? நாலு பேர் சரக்கோடு சேர்ந்து ஒரு மூலையில் என் பெட்டிகளும் வரும். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் பிரித்து வைப்பார்கள். ஏஜென்ட் சுங்கத்துறைக்கு எழுதிக் கொடுத்து, வரி கட்டி, லோரியில் ஏற்றி அனுப்புவார். மூன்று தடவை அப்படி வந்தது. இது நாலாவது.

தீபாவளி சரக்கு என்றால் என்னவென்று கடை வைத்தவர்களுக்குத்தான் தெரியும். வருடத்தில் பாதி வியாபாரம் அந்த மூன்று வாரத்தில் முடிந்துவிடும். கடை வாடகை, வீட்டு வாடகை, மகள் காலேஜ் பீஸ் எல்லாம் அதில்தான். கையில் இருந்ததையெல்லாம் வழித்து அந்தச் சரக்கில் போட்டிருந்தேன். அது தீபாவளிக்குப் பிறகு வந்தால் அண்டாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உள்ளே உட்கார்ந்து அழுவதா?

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். போர்ட் கிள்ளான் கடைசி ஸ்டேஷன். வழி முழுக்க அந்த ஆபீசரிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நானே ஜெயித்தேன்.

ஏஜென்ட்டின் ஆபீஸ் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. அவர் ஐம்பது வயது மனிதர். துறைமுகத்திலேயே காலம் தள்ளியவர், மெதுவாகப் பேசுவார். அந்த மெதுவே அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, என்ன எழவு இது? நீங்க என்னத்த எழுதிக் குடுத்தீங்க?"

"ஒக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணி வேணாம். என் சரக்கு எங்க?"

அவர் இரண்டு தாளை மேசையில் வைத்தார். ஒன்று சென்னை வியாபாரி அனுப்பிய கமர்ஷியல் இன்வாய்ஸ். இன்னொன்று அதைப் பார்த்து அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிய கே-ஒன் பாரம். இந்தியாவில் இதை பில் ஆஃப் என்ட்ரி என்பார்கள், இங்கே கே-ஒன். இறக்குமதி செய்கிறவர் "இன்ன சாமான், இன்ன விலை, இன்ன நாட்டிலிருந்து வருகிறது" என்று அரசாங்கத்துக்குச் சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரம். மூன்று தடவை என் பெயரில் அந்தப் பத்திரம் போயிருக்கிறது. ஒரு தடவையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேனா? இல்லை. ஏஜென்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கிற கடிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். காப்பிகளை பைலில் சொருகி, பைலை அண்டாவுக்குள் வைத்தேன்.

"இங்க பாருங்கக்கா," என்று அவர் பேனா முனையால் தொட்டார். "இது யார் அனுப்புறாங்க, யாருக்கு வருது. இது கப்பல் பேரு, பில் ஆஃப் லேடிங்ங்கிற கப்பல் ரசீது நம்பர். இது சாமானோட கோட் நம்பர், எவ்ளோ வரின்னு அத வெச்சித்தான் முடிவாகும். இது எந்த நாட்டுச் சாமான். இப்ப இங்கதான் விஷயமே."

பேனா நின்ற இடத்தில் எஃப்.ஓ.பி. என்று மூன்று எழுத்து.

"எஃப்.ஓ.பி. சென்னைன்னு இன்வாய்ஸ்ல போட்டிருக்காங்க. அப்படின்னா சாமான் வெல, அதுகூட சென்னையில கப்பல்ல ஏத்துற வரைக்கும் ஆன செலவு. அங்கேருந்து இங்க வர்ற கப்பல் கூலி அதுல இல்ல. அத நீங்க இங்க கட்டினீங்க. அதையும் இன்சூரன்ஸையும் மேல சேத்தா சி.ஐ.எஃப். அந்த மொத்தத்துக்குத்தான் இறக்குமதி வரி. அப்புறம் சி.ஐ.எஃப்பும் வரியும் கூட்டி, அதுமேல விற்பனை வரி. டாலர நம்ம ரிங்கிட் வெள்ளியா மாத்துறது மணி சேஞ்சர் ரேட்டு இல்ல, கஸ்டம்ஸ் போடற ரேட்டு."

"அதெல்லாம் சரி. தப்பு எங்கண்ணே?"

"எஃப்.ஓ.பி. எவ்ளோ போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். ஆயிரத்து எண்ணூறு அமெரிக்க டாலர்.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தேன். ஆயிரத்து எண்ணூறுதான். நான் பேங்க் வழியாக இரண்டு தடவையாக அனுப்பியது ஏழாயிரத்து இருநூறு டாலர். அனுப்பிய ரசீது கைப்பையிலேயே இருந்தது.

"அண்ணே, உங்க ஆபீஸ்ல யாரோ தப்பா டைப் பண்ணிட்டாங்க."

"இன்வாய்ஸ பாருங்க."

இன்வாய்ஸிலும் அதே ஆயிரத்து எண்ணூறு. குடம் இத்தனை பீஸ், பீஸ் இத்தனை டாலர். டிபன் கேரியர் இத்தனை செட். கூட்டல், கையெழுத்து, கம்பெனி முத்திரை. அச்சடித்த மாதிரி ஒரு குறையும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. நான் வாங்கிய விலையில் கால்வாசிதான் அதில் இருந்தது.

"இத நீங்க பாக்கலியா?" என்று கத்தினேன். கீழே டயர் கடையில் ஒருத்தன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"நான் எதுக்கு பாக்கணும்? இன்வாய்ஸ்ல என்ன இருக்கோ அதத்தான் போடுவேன். நீங்க எவ்ளோ குடுத்தீங்கன்னு எனக்கு எப்படி லா தெரியும்? உங்களுக்கு அனுப்பின காப்பிய நீங்க பாத்தீங்களா?"

நியாயமான கேள்வி கேட்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வரும்.

அங்கிருந்து சுங்கத்துறை ஆபீஸுக்குப் போனோம். ஆபீசர் ஒரு மலாய்க்காரப் பெண். என் வயது இருக்கும். நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்த சண்டைக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. உட்காரச் சொன்னார். இன்வாய்ஸை ஒரு பக்கம் வைத்தார், பேக்கிங் லிஸ்டை இன்னொரு பக்கம் வைத்தார். எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை கிலோ என்று சொல்லும் தாள் அது. பேக்கிங் லிஸ்டின் அடியில் நிகர எடை ஆயிரத்து எண்ணூறு கிலோ என்று இருந்தது. கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் தட்டவே தேவையில்லை.

கிலோ ஒரு டாலர்.

"ஹர்கா இனி லெபே முரா டாரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூரோக், புவான்," என்றார். பழைய எவர்சில்வரை எடைக்குப் போட்டால் கிடைக்கிற விலையைவிடக் குறைவாக இருக்கிறதே அம்மா என்று அர்த்தம். அவர் கேலி செய்யவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஏனென்றால், கேளுங்கள், எவர்சில்வரை நான் வாங்குவதே கிலோ கணக்கில்தான். சென்னையில் மொத்த வியாபாரம் முழுக்க எடைதான். ஒரு குடத்தைக் கையில் தூக்கினால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். தகடு மெலிசா கனமா என்று தட்டிப் பார்த்துச் சொல்வேன். கிலோவுக்கு நாலு டாலர் என்று பேரம் பேசி, பத்து சென்ட் குறைக்க அந்த மனுஷனோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவள் நான். ஆனால் இன்வாய்ஸில் பீஸ் கணக்கு, எடையோ வேறு தாளில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு வகுத்தல் போட எனக்குத் தோன்றவில்லை. முன்பின் பாத்திரம் விற்காத அந்த அம்மாவுக்குத் தோன்றியது.

ஆபீசர் கேட்டது மூன்று: பேங்க்கில் பணம் அனுப்பிய ரசீது, வியாபாரி முதலில் கொடுத்த விலைப்பட்டியல், சென்னையில் ஏற்றுமதிக்காக அங்கே உள்ள சுங்கத்துறைக்குக் கொடுத்த பத்திரத்தின் காப்பி. ஒரு வாரம் தந்தார். அதுவரை சரக்கு கிடங்கில்தான் இருக்கும், கிடங்கு வாடகையும் நாளுக்கு நாள் ஏறும்.

வெளியே வந்து, ஆபீஸ் வாசலில் நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. என் குரல் அதைவிட மோசமாக இருந்திருக்கும், காவலாளி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது? இன்வாய்ஸ்ல ஆயிரத்து எண்ணூறு போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க அக்கா!" என்றார் அவர், சந்தோஷமாக. நான் நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துவிட்டார் போல. "உங்களுக்கு டியூட்டி கம்மியா வரட்டும்னுதான் போட்டேன். மலேசியா பார்ட்டிங்க எல்லாருக்கும் அப்படித்தாங்க போடுறோம். இதெல்லாம் நீங்க கேக்கணுமா? நம்ம ஆளுக்கு நாமதான பாத்துச் செய்யணும்."

"உங்கள யாருங்க கேட்டா?"

"கேட்டாத்தான் செய்யணுமாங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு, ஏற்றுமதிப் பத்திரத்தை அனுப்பச் சொன்னேன். அது எதுக்கு, ஆடிட்டரிடம் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஏதேதோ சொன்னார். சும்மா விடுவேனா? ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தால் மனைவியிடம் கேட்டேன். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது.

திறந்து பார்த்தேன். அதே இன்வாய்ஸ் நம்பர், அதே தேதி, அதே பெட்டிகள். எஃப்.ஓ.பி. விலை மட்டும் ஏழாயிரத்து இருநூறு டாலர்!

ஒரே நம்பரில் இரண்டு இன்வாய்ஸ். சென்னையில் காட்டியது நிஜ விலை, இங்கே காட்டியது கால்வாசி.

"அங்க மட்டும் ஏங்க நெஜ வெல போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அங்க எப்படிக்கா கொறைக்கறது? ஏத்துமதி பண்ணுனா கவர்மெண்ட்டு எங்களுக்குக் கொஞ்சம் திருப்பித் தருதுல்ல. அது அந்த வெலய வெச்சுத்தானே."

ஆகா, என்ன தர்மப் பிரபு! தனக்குக் காசு வருகிற இடத்தில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. அரசாங்கத்தின் முன்னால் பொய் சொல்லவேண்டிய இடத்தில் என் பெயரை நிறுத்தியிருக்கிறார். அந்தப் பாசத்துக்கு அவர் கைக்காசு ஒரு பைசா செலவாகவில்லை. மாட்டினால் கோர்ட்டுக்குப் போகப்போவது இறக்குமதியாளர், அதாவது நான். நல்லா இருங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். நல்ல அர்த்தத்தில் சொல்லவில்லை.

எல்லா காகிதத்தையும் பைலில் போட்டு, ஏஜென்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, நான் சொல்றத கேளுங்க. இது முதல் தடவ, வியாபாரி தப்பு பண்ணிட்டான், எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. வித்தியாசத்த கட்டிடலாம். காம்பவுண்ட்னு ஒரு அபராதம் போடுவாங்க, அதையும் கட்டிடலாம். ஒரு வாரத்துல சரக்கு கைக்கு வந்துரும். தீபாவளிக்கு ரெண்டு வாரத்துக்கு மேலயே இருக்கும்."

"பழசு?"

"பழச யாரு கேட்டா? நீங்க ஏன் வாய தொறக்கணும்?"

அன்று கடை மூடிய பிறகு அண்டாவுக்குள்ளிருந்து பழைய பைலை எடுத்தேன். மூன்று கே-ஒன், மூன்று இன்வாய்ஸ், மூன்று பேக்கிங் லிஸ்ட். கால்குலேட்டரும் வைத்துக்கொண்டேன். முதல் சரக்கு, கிலோவுக்கு ஒரு டாலர் பத்து சென்ட். இரண்டாவது, ஒரு டாலர் ஐந்து சென்ட். மூன்றாவது ஒரு டாலருக்கும் கீழே. மனுஷன் தடவைக்குத் தடவை பாசத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

இங்கே நான் ஒரு விஷயத்தை மறைத்தால் இத்தனை கோபப்பட்டதற்கு அர்த்தமே இல்லை.

முதல் சரக்கு வந்தபோது, வரி எத்தனை சதவீதம் என்று ஏஜென்ட்டிடம் கேட்டு, நானே கணக்குப் போட்டு, அவ்வளவு பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். வந்த பில்லோ அதில் கால்வாசிதான். எனக்கு என்ன, கணக்கு தெரியாதா? ஏதோ இடிக்கிறது என்று அப்போதே தோன்றியது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு மடித்து பைலில் வைத்தேன். போன் எடுத்து ஏன் குறைந்தது என்று ஏஜென்ட்டைக் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே! மிச்சமான பணத்தில் கடைக்கு ஏர்கான், அதாவது ஏ.சி., போட்டேன். விலையையும் குறைத்து, தெருவிலேயே குறைந்த விலை என்று வாசலில் போர்டு வைத்தேன். அந்த போர்டைப் பார்த்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் பாத்திரக் கடைக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அவருக்குப் பொறாமை என்று நானே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அவரும் அதே ஏர்கான் காற்றில் உட்கார்ந்திருக்கலாம், வரியை ஒழுங்காகக் கட்டாமல் இருந்திருந்தால்.

சென்னைக்காரர் மேல் கோபம், ஏஜென்ட் மேல் கோபம், கால்குலேட்டரைத் திருப்பி வைத்த அந்த அம்மா மேல் கோபம். வரிசையாக எல்லாரையும் திட்டி முடித்த பிறகு, மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அன்றைக்கு என்னை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

வாரம் முடிந்து மறுபடி போனோம். ஏஜென்ட் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபீசர் பேங்க் ரசீதைப் பார்த்தார், விலைப்பட்டியலைப் பார்த்தார், சென்னைப் பத்திரத்தை நீண்ட நேரம் பார்த்தார். மூன்றும் ஏழாயிரத்து இருநூறு என்றே சொன்னது. குறித்துக்கொண்டார். எல்லாம் அமைதியாக நடந்தது. பிறகு பேனாவை மூடாமலே கேட்டார்:

"இனி கலி பெர்த்தாமா, புவான்?"

இது முதல் தடவையா என்று கேட்கிறார். ஏஜென்ட்டின் முழங்கை மேசைக்கு அடியில் என் கையை இடித்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்டா, குடம், தீபாவளி, மகள் பீஸ் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. தொண்டைவரை வந்துவிட்டது.

ஆனால் அதைச் சொன்னால் இந்தத் தடவை பொய்யை யார் தலையிலும் கட்ட முடியாது. சென்னைக்காரர் எழுதவில்லை, ஏஜென்ட் டைப் அடிக்கவில்லை, நானே என் வாயால் சொல்கிறேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு ஆங்காரம் வந்தது பாருங்கள்! பையைத் திறந்தேன், பழைய பைலை எடுத்தேன், மேசையில் வைத்தேன்.

"இல்லை. இதற்கு முன்னால் மூன்று," என்று மலாயில் சொன்னேன்.

ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசர் பைலைத் திறக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டவில்லை. பழைய மூன்றும் சேர்ந்ததால் பைல் இன்னொரு பிரிவுக்குப் போனது. வாக்குமூலம் எழுதினார்கள். விட்டுப்போன வரிக்கெல்லாம் கணக்குப் போட்டு என் பேரில் ஒரு பில் வந்தது. அதைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு, கிடைத்தது. அதற்கு மேல் அபராதமும் இருந்தது. கோர்ட்டுக்குப் போகவில்லை, அந்த மட்டும் கடவுள் புண்ணியம். ஏர்கானை விற்றேன். சரக்கை எடுத்துக் கொடுத்த பிறகு ஏஜென்ட் இரண்டு மாதம் என் போனையே எடுக்கவில்லை.

"நல்லா முடியவேண்டியத உங்க வாயாலயே கெடுத்துக்கிட்டீங்கக்கா," என்று கடைசியாகச் சொன்னதோடு சரி.

சரக்கு கையில் கிடைத்தபோது தீபாவளி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அந்தத் தீபாவளி வாரத்தைப் பற்றி எதைச் சொல்ல? தெருவெல்லாம் பந்தல், கோலப்பொடிக் கடை, முறுக்கு வாசம், பாட்டுச் சத்தம். பிரிக்ஃபீல்ட்ஸே மூச்சுமுட்டும் கூட்டம். என் கடையில் பாதி அடுக்கு காலி. பழைய சரக்கில் மிஞ்சியதைத் துடைத்துத் துடைத்து முன்னால் வைத்தேன். தெருவிலேயே குறைந்த விலை போர்டை ஏற்கெனவே கழற்றி உள்ளே சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். இருக்கிற சாமானுக்கும் வரியோடு சேர்த்து ஒழுங்கான விலை போட்டேன்.

அப்போது பந்திங் ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். வருடா வருடம் என்னிடம்தான் வாங்குவார். எஸ்டேட் பக்கம் சின்னதாகக் கேட்டரிங் செய்கிறார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு பை இருந்தது. எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்திருந்த கடையின் பை. அதற்குள் ஒரு அண்டா. விளிம்பில் சென்னைக்காரரின் முத்திரை குத்தியிருந்தது.

பழக்க தோஷத்தில் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். எடை தெரிந்தது. விலைச் சீட்டைப் பார்த்தேன். கிலோவுக்கு என்ன ஆகிறது என்று மனசுக்குள் ஓடியது. கப்பல் கூலி, இரண்டு வரி, கடை வாடகை எல்லாம் போட்டால் அந்த விலைக்கு அந்த அண்டா எந்த ஜென்மத்திலும் வராது. ஒரே ஒரு வழியில்தான் வரும். அந்த வழி எனக்கு நன்றாகத் தெரியும்.

எதிர்க்கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று கால் துடித்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றார். "உங்க கடைய விட்டு நான் எங்கயும் போனதில்ல. ஆனா இதே அண்டா அங்க ரொம்ப கம்மி லா. நீங்க ஏன் இந்த வருஷம் இவ்ளோ வெல சொல்றீங்க? அந்த வெலைக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகாதா?"

அண்டாவை அவர் பைக்குள் திரும்ப வைத்தேன். எதிர்க்கடைக்காரனைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனி வரை இருந்தது. அவனைத் திருடன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"போன வருஷம் எங்கிட்ட வாங்கினீங்களே, பெரிய அண்டா," என்றேன். "அதையும் நான் வரிய ஒழுங்கா கட்டாமத்தான்க்கா வித்தேன்."